சித்திரபானு பிறந்த வாரம்: 1942 ஏப்ரல் சென்னையைப் பற்றிய ஒரு நாடகக் காட்சியைத் திருத்திய விதம்

எங்கள் நாடகக் குழுவுக்கு வந்த பிரதியின் முதல் பக்கத்தில், காலத்தையும் இடத்தையும் குறிக்கும் வரியில், "1940கள், சென்னை, பௌர்ணமி இரவு" என்று எழுதியிருந்தது. ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற அச்சத்தில் நகரம் காலியாகும்போது, சிந்தாதிரிப்பேட்டையில் வாழும் ஒரு முதலியார் குடும்பம் எழும்பூர் நிலையத்தில் ரயிலேறிக் காஞ்சிபுரத்துக்குப் போகிறது. பாரிமுனையில் ஒரு வணிக நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருக்கும் குடும்பத் தலைவர் மட்டும் வேலையை விட முடியாமல் நகரத்திலேயே தங்குகிறார். பிரதியில் பதினான்கு பக்கம் வரும் இந்த ஒரு காட்சியின் வரலாற்றுப் பின்னணியைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கதையின் எலும்பு உறுதியாகவே இருந்தது. ஆனால் பேச்சு, பொருள், பழக்கம் ஆகிய மூன்றும் வெவ்வேறு பத்தாண்டுகளிலிருந்து எடுத்துக் கூட்டியவையாக இருந்தன. அவற்றை ஒரே வாரத்துக்குள் கொண்டுவர நாங்கள் என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆண்டு போதாது, வாரம் வேண்டும்

பிழைகளில் பெரும்பகுதி "1940கள்" என்ற அந்த ஒரு சொல்லிலிருந்தே பிறந்திருந்தது. 1940க்கும் 1949க்கும் இடையில் நாணயமும் அரிசியும் முழக்கமும் அரசும் மாறிவிட்டன. பத்தாண்டை ஒரே காலமாக எடுத்துக்கொள்ளும் எழுத்தாளர், அந்தப் பத்தாண்டின் எல்லா அடையாளங்களையும் ஒரே அறைக்குள் குவித்துவிடுகிறார். ஆகவே முதலில் காட்சி எந்த நாளில் நடக்கிறது என்பதை முடிவுசெய்தோம்.

நிகழ்ச்சிகளின் வரிசை தெளிவாகத் தெரிந்ததுதான். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் தொடக்கத்தில் ரங்கூன் போயிற்று. அந்த மாதத்திலேயே அந்தமானும் ஜப்பானியர் கைக்குச் சென்றது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவற்றின் மீதும், 9ஆம் தேதி திருகோணமலை மீதும் குண்டுகள் விழுந்தன. இதையடுத்து ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு, நகரத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அறிவித்தது. நகரம் காலியானது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் அதை ஒட்டிய நாட்களிலும்தான். ஏப்ரல் நடுவில் சித்திரபானு ஆண்டு பிறக்கிறது. வருடப் பிறப்புக்கு மறுநாள் இரவு என்று காட்சியை நிறுத்தினோம். பண்டிகைக்குச் செய்த பலகாரத்தின் மிச்சம் பயணக் கட்டுச்சோற்றோடு சேரும் என்பது எழுத்தாளருக்கும் பிடித்திருந்தது.

தேதி முடிவான உடனே பௌர்ணமி போய்விட்டது. இதற்குப் பழைய பஞ்சாங்கத்தைக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. வசந்தகாலப் பௌர்ணமிக்கு அடுத்து வரும் ஞாயிறுதான் ஈஸ்டர். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 5 என்றால், பௌர்ணமி அதற்கு முந்தைய சில நாட்களில் வந்திருக்க வேண்டும். கணக்கிட்டால் அது ஏப்ரல் 1. அதிலிருந்து பதினான்கு நாள் தள்ளினால் வருடப் பிறப்பை ஒட்டிய இரவுகள் அமாவாசை இரவுகளாகின்றன. தெரு விளக்குகளுக்கும் வண்டி விளக்குகளுக்கும் மறைப்புப் போட்டிருந்த நகரத்தில் நிலவும் இல்லாத இரவு அது. "நிலா வெளிச்சத்தில் கடைசியாக வீட்டைத் திரும்பிப் பார்க்கிறாள்" என்ற குறிப்பை அடித்துவிட்டு, கைவிளக்கின் திரியைத் தாழ்த்திப் பூட்டைத் தடவிப் பூட்டுகிறாள் என்று எழுத்தாளர் மாற்றினார். ஒளியமைப்பாளர் இதற்காகவே அந்தக் காட்சியின் விளக்குகளை முழுவதும் மாற்றி அமைத்தார்.

அரசியல் பேச்சிலும் இந்த ஒரு வாரம் கத்தரிக்கோல் போல வேலை செய்தது. பதினேழு வயது மூத்த மகன் "வெள்ளையனே வெளியேறு" என்று முழங்குவதாகப் பிரதியில் இருந்தது; அந்தத் தீர்மானம் பம்பாயில் நிறைவேறியது ஆகஸ்ட் 8இல். அவன் "ஜெய்ஹிந்த்" சொல்வதும் அந்த மாதச் சென்னைக்குப் பொருந்தாது. அந்த முழக்கத்தைப் பரப்பிய போஸ் அப்போது ஜெர்மனியில் இருந்தார். அவனைத் திராவிடர் கழகத்துக்காரன் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்கிறார்; அந்தப் பெயரே 1944 சேலம் மாநாட்டில் வந்தது. 1942இல் அவனைச் சுயமரியாதைக்காரன் என்றுதான் சொல்லியிருப்பார். அந்த வாரம் செய்தித்தாளில் இருந்த பெரிய அரசியல் விஷயம், பிரிட்டிஷ் அரசு அனுப்பிய கிரிப்ஸ் காங்கிரஸோடு நடத்திய பேச்சுவார்த்தையின் முறிவு. தந்தையின் கையில் இருப்பது சுதேசமித்திரனாகவோ தினமணியாகவோ இருக்கலாம். பிரதியில் இருந்த தினத்தந்தி இருக்க முடியாது, ஏனென்றால் அது அந்த ஆண்டு நவம்பரில்தான் மதுரையில் தொடங்கியது.

இவ்வகைத் திருத்தங்களைச் செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. பொருளுக்கும் சொல்லுக்கும் இருப்பதைப் போலவே அறிவுக்கும் தேதி உண்டு. நகரத்தின் மீது அந்த ஏப்ரலில் குண்டு விழவில்லை என்பது நமக்குத் தெரியும். எழும்பூரில் நிற்கும் குடும்பத்துக்குத் தெரியாது. பிரதியில் தந்தை, "சில மாதம்தான், எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு வரலாற்றாசிரியரின் நிம்மதியோடு பேசினார். கொழும்பில் விழுந்தது, விசாகப்பட்டினத்தில் விழுந்தது, அடுத்தது நாம் என்று கணக்குப் போடும் மனிதருக்கு அந்த நிம்மதி வர வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் இருந்த ஒரே அனுபவம் 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. ஆகவே அவருடைய தாய் வாயில் எம்டனை வைத்தோம்: "அப்பவும் ஓடினோம், திரும்பி வந்தோம்" என்று அவர் சொல்லும்போது மகன் பதில் சொல்லாமல் மூட்டையை இறுக்குகிறார்.

அச்சுத் தமிழும் அடுப்படித் தமிழும்

சொற்களில் எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம் எங்களுடைய தவற்றிலிருந்தே வந்தது. பிரதியில் தூய தமிழ்ச் சொற்கள் நிறைய இருந்தன: பேருந்து, வானொலி, மாவட்டம், செயலாளர். ரோஜா முத்தையா நூலகத்தில் அக்காலத்துப் பத்திரிகைகளைப் பல வாரம் படித்துவிட்டு, இவற்றையெல்லாம் பஸ், ரேடியோ, ஜில்லா, காரியதரிசி என்று மாற்றினோம். அதோடு நிற்காமல், படித்த உற்சாகத்தில், யுத்தம், அபிப்பிராயம், பிரயாணம், ஜாக்கிரதை, சௌகரியம் என்று எல்லோர் வாயிலும் அச்சு மொழியைத் திணித்துவிட்டோம். அடுத்த வாசிப்பில் எழுபது வயதுப் பாட்டி தலையங்கம் படிப்பவரைப் போல ஒலித்தார்.

பத்திரிகை நமக்குத் தருவது எழுதப்பட்ட மொழியை. அதன் பக்கத்தில் அலுவலக மொழி ஒன்று இருந்தது. அது பாதி ஆங்கிலம். இவை இரண்டுக்கும் அப்பால் வீட்டு மொழி இருந்தது. போருக்கு அச்சில் யுத்தம் என்றும், குமாஸ்தாவின் பேச்சில் 'வார்' என்றும், அடுப்படியில் சண்டை என்றும் பெயர். முன்னைய உலகப் போரை 'ஜெர்மன் சண்டை' என்று சொன்ன தலைமுறை இதையும் சண்டை என்றே சொன்னது. நகரத்தை விட்டு வெளியேறியதை வீட்டில் 'எவாக்குவேஷன்' என்றுதான் சொன்னார்கள். அந்த ஆங்கிலச் சொல் படிக்காதவர் நாவிலும் ஏறியிருந்தது. விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் பணிக்கு 'ஏ.ஆர்.பி.' என்ற மூன்றெழுத்தே பெயர். ஆகவே ஒவ்வொரு கதாபாத்திரமும் ஒரு நாளில் யார் யாரோடு பேசுகிறார், எதைப் படிக்கிறார் என்பதை முதலில் எழுதிக்கொண்டோம். தந்தை மூன்று மொழிகளிலும் புழங்குகிறார். மனைவிக்கு வீட்டு மொழி மட்டும். மூத்த மகன் மேடைத் தமிழ் கேட்டு வளர்ந்தவன். இந்தக் குறிப்பு கைக்கு வந்த பிறகு பாதிச் சொற்கள் தாமாகவே அமைந்துவிட்டன.

வணக்கம் என்ற சொல் இதற்கு நல்ல உதாரணம். பிரதியில் எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்கள். அந்தச் சொல் அப்போது இருந்தது. பிழை என்று அடித்துவிட முடியாது. ஆனால் அன்று நமஸ்காரம் என்பதே பொதுவழக்கு. முப்பதுகளின் இறுதியில் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பின்னர், வணக்கம் என்று சொல்வது ஓரளவு பக்கம் எடுப்பதாக இருந்தது. எனவே தந்தை பக்கத்து வீட்டுக்காரரிடம் "நமஸ்காரம்" என்கிறார். மூத்த மகன் அதே மனிதரிடம் "வணக்கம்" என்கிறான். அவர் ஒரு நொடி அவனைப் பார்த்துவிட்டுத் தலையசைக்கிறார். அரசியலைப் பற்றிப் பிரதியில் இருந்த ஒரு பக்க விவாதத்தை எழுத்தாளர் அந்த இரண்டு சொற்களுக்காக நீக்கினார்.

இன்னொரு சாய்வையும் சொல்ல வேண்டும். அக்காலத்துப் பத்திரிகைக் கதைகளில் உரையாடல் என்று நமக்குக் கிடைப்பதில் மிகப்பெரும் பங்கு பிராமண வீடுகளின் பேச்சு. அதைப் படித்து எழுதும் எவரும், 'பழைய காலத்துத் தமிழ்' என்று எண்ணிக்கொண்டு, அந்த நடையை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்விடுகிறார். எங்கள் பிரதியிலும் முதலியார் வீட்டுப் பெண் "ஆத்துக்கு", "வந்தா" என்றாள். இதை மாற்ற வடதமிழகத்து முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்து கேட்டோம். பாட்டி 'ஆயா' ஆனார். அப்பா 'நைனா' ஆனார். மாமியாரை மருமகள் 'அத்தை' என்றாள். ஒரு சொல் அக்காலத்தில் இருந்ததா என்ற ஐயம் வந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் பார்த்தோம். அதில் ஒரு சொல் இருந்தால் அது அப்போது வழங்கியது என்று துணியலாம். இல்லாவிட்டால் வழங்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் புதிய பேச்சுச் சொற்களை எந்த அகராதியும் தாமதமாகவே சேர்த்துக்கொள்கிறது.

ஆயாவின் ரூபாய்

பொருட்களுக்கு ஒரு கணக்குப் புத்தகம் வைத்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் அது எப்போது வந்தது, எப்போது மறைந்தது, இந்த வீட்டின் வருமானத்துக்கு எட்டுமா, அதற்கு என்ன ஆதாரம் என்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் பொருளும் மேடைக்கு வராது. எவர்சில்வர் டிபன் கேரியர் முதல் நாளே போயிற்று. எவர்சில்வர் நடுத்தர வீடுகளை நிறைத்தது சுதந்திரத்துக்குப் பிறகு. பதிலுக்குப் பித்தளைத் தூக்கும் கூஜாவும் வந்தன. பந்துமுனைப் பேனாவும் பிளாஸ்டிக் வாளியும் அதே வழியில் போயின. ரேஷன் அட்டை நகரத்துக்கு வந்தது 1943இல், அதையும் எடுத்தோம். ரங்கூன் போன பிறகு பர்மா அரிசி நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நாணயத்தில்தான் அதிக நேரம் செலவாயிற்று. அதிகப் பயன் கிடைத்ததும் அங்கேதான். பிரதியில் சிறுவன் ஓட்டைக் காலணாவைக் கயிற்றில் கோத்து விளையாடுகிறான். மிக அழகான காட்சி. ஆனால் நடுவில் துளையிட்ட காலணா போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943இல் வெளிவந்தது. சிறுவன் ஓராண்டு முந்திவிட்டான். எழுத்தாளர் இதை விட மனமில்லாமல், யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டார். ஓட்டைக் காலணாவைக் கையில் வைத்திருந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்னும் அரங்குக்கு வருகிறார்கள், அவர்களில் ஒருவர் நம்பிக்கை இழந்தால் அவரைச் சுற்றிய வரிசையும் இழக்கும் என்று சொன்னேன். கயிற்றில் இப்போது சாவி தொங்குகிறது.

அதைத் தேடப் போன இடத்தில் வேறொன்று அகப்பட்டது. பிரதியில் ஆயா மடியிலிருந்து விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்களை எடுத்து, பயணச் செலவுக்குத் தருகிறார். மகன் கண்கலங்கி வாங்கிக்கொள்கிறார். அரசு 1940இல் ரூபாயிலிருந்த வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. பழைய நல்ல வெள்ளி ரூபாய்கள் பதுக்கப்பட்டதால் அவற்றைத் திரும்பப் பெறத் தொடங்கியது. விக்டோரியா ரூபாய் 1941இலேயே செல்லாக்காசாகிவிட்டது. அதாவது, ஆயா தரும் பணத்தால் சீட்டு வாங்க முடியாது. முதலில் ராஜா தலை ரூபாயாக மாற்றிவிடலாம் என்று நினைத்தோம். பிறகு எழுத்தாளரே பிழையைக் கதையாக்கினார். திருத்திய பிரதியில் அந்த இடம் இப்படி இருக்கிறது:

ஆயா: இந்தா, ராணி தலை. பதினோரு ரூபா இருக்குது. சீட்டுக்கு வச்சுக்கோ.
மகன்: இது செல்லாதும்மா இப்போ. போன வருசமே நிறுத்திட்டாங்க.
ஆயா: வெள்ளி எப்படிடா செல்லாமப் போவும்?

மகன் பதில் சொல்லாமல் அந்த முடிச்சை மறுபடி தாயின் மடியிலேயே வைத்து முந்தானையைச் சொருகிவிடுகிறார். ஒத்திகையில் இந்த இடத்தில் யாரும் பேசவில்லை.

விலைகளில் கடுமையான ஒரு விதி வைத்துக்கொண்டோம்: அந்த ஊருக்கும் அந்த மாதத்துக்கும் உரிய ஆதாரம் கையில் இல்லாத தொகை வசனத்தில் வரக்கூடாது. ஜட்கா வண்டிக்காரரோடு பேரம் பேசும் இடத்தில் பிரதி "எப்போதும் ஐம்பது பைசாதானே" என்றது. பைசாக் கணக்கு 1957 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. எட்டணா என்று மாற்றினால் நாணயம் சரியாகும், வழக்கமான வாடகை அதுதானா என்பது சரியாகாது. ஆகவே தந்தை, "நேத்து வரைக்கும் கேட்ட கூலியா இது?" என்கிறார். அச்சத்தில் ஏறிய விலைக்கு எந்தத் தொகையும் பொருந்தும் என்பதால் வண்டிக்காரர் கேட்கும் இரண்டு ரூபாய் அப்படியே இருக்கிறது. ஒரு நடிகருக்கு மட்டும் பதினாறின் கணக்கைக் கற்றுக்கொடுத்தோம்: ஆளுக்கு ஆறணா வீதம் மூன்று கூலியாட்களுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அவர் பதினெட்டணா என்று நிற்காமல் "ஒரு ரூபா ரெண்டணா" என்று உடனே சொல்ல வேண்டும். தசமத்தில் வளர்ந்த நாக்கு அந்த இடத்தில் தயங்கினால் காலம் உடைந்துவிடும்.

பொருட்களைப் பற்றி இன்னும் ஒன்று. பழைய காலத்துக் காட்சி என்றால் கருத்துப்போன பித்தளையும் உரிந்த மரப்பெட்டியும் கொண்டுவருவது அரங்கப் பொருள் சேகரிப்பவர்களின் பழக்கம். எங்களுக்கும் அப்படியே வந்தன. அந்த வீட்டில் அந்தக் கூஜா நேற்றுப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தது. வருடப் பிறப்புக்கு மறுநாள் அது மின்ன வேண்டும். டிரங்குப் பெட்டி பத்து வருடம் பழையது, மூத்த மகனின் சட்டை புதிது, ஆயாவின் வெற்றிலைப் பெட்டி அவர் கல்யாணத்தில் வந்தது. எல்லாப் பொருளும் 1942இல் செய்தவை போல இருப்பதும் பொய்யாகும். எல்லாம் எண்பது வருடம் தூசி படிந்தவை போல இருப்பதும் பொய்யாகும்.

பிளாட்பாரத்தில் யார் யாரிடம் பேசுவார்கள்

பிரதியில் விடைபெறும் இடம் இப்படி இருந்தது. ஒலிபெருக்கியில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்ற அறிவிப்பு வருகிறது. கணவர் மனைவியின் கைகளைப் பற்றிக்கொண்டு, "உன்னைப் பிரிந்து எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் நீ தைரியமாக இரு" என்கிறார். அவள் அவர் தோளில் சாய்கிறாள்.

அறிவிப்பை எடுத்துவிட்டு நிலைய மணியையும் கார்டின் விசிலையும் பச்சை விளக்கையும் வைத்தோம், அது எளிது. கணவன் மனைவி பேச்சுதான் உண்மையான சிக்கல். மாமியாரும் பிள்ளைகளும் ஊராரும் நிற்கும் இடத்தில் அந்த வீட்டுத் தம்பதி நேருக்கு நேர் நின்று உணர்ச்சியைச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மனைவி கணவரின் பெயரைச் சொல்ல மாட்டாள். பலர் முன்னிலையில் அவரை நேரடியாக அழைப்பதைக்கூடத் தவிர்ப்பாள். பேச வேண்டியதைப் பிள்ளையின் வழியாகப் பேசுவார்கள். இதை விளக்கியபோது நடிகை, அப்படியானால் அன்பை எங்கே காட்டுவது என்று கேட்டார். அதற்கான விடை நாங்கள் சந்தித்த ஒரு மூதாட்டியிடம் கிடைத்தது. அவரும் சிறுவயதில் இப்படி ரயிலேறியவர். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டபோது, "என்னத்தப் பேசுவாங்க? சாவி எங்க, ஊறுகா எங்கன்னு எங்கம்மா சொல்லிட்டே இருந்தாங்க" என்றார். திருத்திய பகுதி:

கணவர் (இளைய மகனிடம்): டேய், செங்கல்பட்டுல வண்டி மாறணும். ஆயா கையப் புடிச்சுக்கோ. மூட்டை எத்தினி, எண்ணு.
மகன்: ஏழு, நைனா.
மனைவி (மகனிடம்): சாவி மாடத்துல இருக்குது, ஊறுகா ஜாடி கீழ்த்தட்டுலன்னு நைனாகிட்ட சொல்லு.
கணவர்: கேட்டுது.
மனைவி: பால்காரனுக்கு இந்த மாசத்துது பாக்கி.
கணவர்: நான் பாத்துக்கறேன்.

கடைசி இரண்டு வரிகளில் பிள்ளை இடையில் இல்லை. இதை நாங்கள் திட்டமிட்டு எழுதவில்லை. ஒத்திகையில் நடிகை மகனைப் பார்க்காமல் சொல்லிவிட்டார். கட்டுப்பாடு அதற்கு முந்தைய வரிகளில் நிலைபெற்றிருந்ததால், அந்தச் சிறு மீறலே தோளில் சாய்வதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அப்படியே வைத்துக்கொண்டோம்.

சாதியைக் காட்டும் இடங்களில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. பிரதியில் எழும்பூர் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனி இடம் என்று பலகை தொங்கியது, குடும்பம் அதைப் பார்த்து ஒதுங்கியது. ரயில் நிலைய உணவகங்களில் இருந்த அந்தப் பிரிவினை, பெரியார் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல் நீக்கப்பட்டுவிட்டது. தெருவிலிருந்த தனியார் காபி கிளப்புகளில் அத்தகைய பலகைகள் ஐம்பதுகள் வரை நீடித்தன. எனவே பலகையை நிலையத்திலிருந்து எடுத்து, ஜட்கா கடந்து வரும் தெருவில் ஒரு வாசலுக்கு மாற்றினோம். நிலையத்துக்குள் மூத்த மகன், "இங்க இப்ப யாரும் எங்கயும் உக்காரலாம், ஆயா" என்று சொல்ல, அவர் பழக்கத்தால் நின்றுகொண்டே காபி குடிக்கிறார். சட்டம் மாறிய பிறகும் உடம்பு மாறாமல் நிற்பதுதான் அந்த ஆண்டின் உண்மை என்று எனக்குப் படுகிறது.

அதே நேர்மையோடு தந்தையையும் எழுத வேண்டியிருந்தது. ஜட்காக்காரரை அவர் "வாங்க, போங்க" என்று அழைப்பதாகப் பிரதி காட்டியது. அன்பான மனிதர் என்று பார்வையாளர் எண்ண வேண்டும் என்பது நோக்கம். 1942இல் அந்தக் குமாஸ்தா ஜட்காக்காரரை ஒருமையில்தான் அழைத்திருப்பார். அவர் பதிலுக்கு "சாமி" என்றிருப்பார். குழுவில் சிலர் இது அவரை வெறுக்கச் செய்யும் என்றார்கள். நான் ஒருமையே இருக்கட்டும் என்று வற்புறுத்தினேன். நல்லவர்களும் அப்படித்தான் பேசினார்கள் என்பதை மறைத்தால், அந்தக் காலத்தின் அநீதியைச் சில கெட்டவர்களின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஒருமை இருக்கிறது, தந்தையும் அன்பானவராகவே இருக்கிறார்.

நினைவுகளைக் கேட்பது

அந்த ஏப்ரலை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலர். அவர்களும் அப்போது குழந்தைகள். நாங்கள் சந்தித்த முதியவர்களில் இருவர், "குண்டு விழுந்தது, அதனால்தான் ஓடினோம்" என்று உறுதியாகச் சொன்னார்கள். சென்னையின் மீது ஜப்பானிய விமானம் ஒன்று குண்டு போட்டது 1943 அக்டோபரில். வெளியேற்றமும் அந்தக் குண்டும், பெற்றோர் சொல்லிக் கேட்ட எம்டனும், அதன்பின் வந்த ரேஷன் வரிசையும் அவர்கள் மனத்தில் ஒரே நிகழ்ச்சியாகிவிட்டன. இதைப் பொய் என்று தள்ளுவதும் தவறு, அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. எப்போது, ஏன் என்ற கேள்விகளுக்கான விடைகளைச் செய்தித்தாளிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் அரசாணைகளிலும் தேடினோம். முதியவர்களிடம் கைகளைப் பற்றிக் கேட்டோம்: மூட்டையை எந்தத் துணியில் கட்டினார்கள், யார் தூக்கினார்கள், வழியில் எதைத் தின்றீர்கள், எங்கே தூங்கினீர்கள். அந்த விடைகளில் குழப்பம் மிகக் குறைவாக இருந்தது. படுக்கையைச் சுற்றிய ஜமக்காளத்துக்குள் அரிசிப் படியை ஒளித்துவைத்தது, அம்மிக்கல்லை எடுத்துப்போக ஆயா அடம்பிடித்தது ஆகிய இரண்டும் அப்படி வந்தவை. அம்மிக்கல் பிரதியில் இடம்பெற்றது. ஏழு மூட்டைகளில் அது ஒன்று. கூலியாள் அதைத் தூக்கும்போது மட்டும் அவரது நடை மாறுகிறது, உள்ளே என்ன என்று யாரும் சொல்வதில்லை.

இவ்வளவு சேகரித்தபின் பெரும்பகுதியை விட்டுவிட வேண்டியிருந்தது. பெட்ரோல் கட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ்கள், உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது, 1938 முதல் இயங்கிய சென்னை வானொலி நிலையம் என நான் ஆர்வத்தோடு திரட்டிய பலவற்றுக்கு எழும்பூர் பிளாட்பாரத்தில் இடமில்லை. இரண்டாவது வரைவில் தந்தை அவற்றில் நான்கைத் தன் மனைவிக்கு விளக்கினார். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவளிடமே விளக்கும் கணவர், உண்மையில் பார்வையாளரிடம் பேசுகிறார். ஆதாரம் நூறு விழுக்காடு சரியாக இருந்தும் வசனம் பொய்யாக ஒலித்தது. தெரிந்தவர்கள் தெரிந்ததைப் பேசிக்கொள்ளாத அளவுக்கு அவற்றைக் குறைத்தோம். கரி பஸ் மட்டும் ஒரு வரியில் தங்கியது: "கரி வண்டிய நம்பினா விடிஞ்சுடும், ஜட்காவே கூப்பிடு."

'தம்பிடி' என்ற சொல்லை ஒரு வசனத்தில் வைத்திருந்தோம். மூன்று வாசிப்புகளிலும் இளைய பார்வையாளர்கள் அதை மனிதரைக் குறிக்கும் சொல்லாக, 'தம்பி' என்றே கேட்டார்கள். காலத்துக்கு முற்றிலும் உரிய சொல்தான். இருந்தும் எடுத்துவிட்டுக் காலணா என்று மாற்றினோம். 'காலணா' இன்றும் பேச்சில் வாழ்கிறது. அது அரங்கின் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது.